ஒரே எழுத்தாளருக்கு ஏழு பதிவுகள்: எவற்றை இணைப்பது, எதைத் தொடாமல் விடுவது?

#1 — பட்டியல் மேசை

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் பட்டியலாக்கப் பணியைக் கவனித்து வருகிறேன். எங்களிடம் கோஹா மென்பொருள் உள்ளது. தமிழ்த்துறையினர் அடிக்கடி எடுத்துச் செல்லும் ஓர் எழுத்தாளரின் நூல்கள் எங்கள் பட்டியலில் ஏழு வெவ்வேறு பெயர்களின் கீழ்ச் சிதறிக் கிடப்பதைச் சென்ற வாரம்தான் கவனித்தேன். அவர் இன்றும் நம்மிடையே இருப்பதால் இங்கே பெயரை மாற்றி எழுதுகிறேன். திருமணத்துக்கு முன்பு தந்தையின் முதலெழுத்துடன் கா. சௌந்தரம் என்று எழுதினார். பிறகு கணவர் பெயரைச் சேர்த்து சௌந்தரம் ராமலிங்கம் என்று எழுதினார். எழுத்துப்பெயர்ப்பு வேறுபாடுகளும் சேர்ந்துகொண்டதால் இப்போதைய நிலை இது. வலப்பக்கத்தில் இருப்பது, பட்டியலில் ஆசிரியர் பெயரைக் கொண்டு தேடியபோது கிடைத்த நூல் எண்ணிக்கை:

```
1  சௌந்தரம், கா.            11
2  செளந்தரம், கா.             3
3  சௌந்தரம் ராமலிங்கம்        4
4  Soundaram, K.              2
5  Ramalingam, Sowndaram      1
6  Cauntaram, Kā.             2
7  Soundaram, R.              5
```

முதலாவதும் இரண்டாவதும் திரையில் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. ஏன் இரண்டாகப் பிரிந்தன என்றே புரியவில்லை. இந்த ஏழையும் ஒன்றாக்கிவிடலாமா? எந்தப் பெயரைத் தலைப்பாக வைக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

#2 — விரைவுத்திருத்தம்

இதற்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. கோஹாவில் பல பதிவுகளை ஒரே நேரத்தில் திருத்தும் வசதி இருக்கிறது. அந்த இருபத்தெட்டு நூல்களையும் தேர்ந்தெடுத்து, 100ஆம் புலத்தில் உள்ள பெயரையும் 245இன் $c துணைப்புலத்தில் உள்ள பெயரையும் சௌந்தரம் ராமலிங்கம் என்று மாற்றிவிடுங்கள். பத்து நிமிட வேலை. மாற்றப்பட வேண்டிய பெயர்ப் பதிவுகள் எவை என்பதை இந்த வினவலைக் கொண்டு கண்டுபிடிக்கலாம்:

```sql
SELECT authid FROM auth_header
WHERE ExtractValue(marcxml,
 '//datafield[@tag="100"]/subfield[@code="a"]')
 LIKE '%சௌந்தரம்%';
```

#3 — ஓலைக்கட்டு

விரைவுத்திருத்தம் தந்துள்ள வினவல் பயனுள்ளதுதான். ஆனால் அது பட்டியலில் உள்ள இரண்டாவது பதிவைக் கண்டுபிடிக்காது. அதற்குரிய காரணமே பட்டியல் மேசை கேட்ட கேள்விக்கும் விடை.

‘சௌ’ என்பதைச் சரியாகத் தட்டச்சு செய்தால் ச என்ற எழுத்தும் U+0BCC என்ற ஒரே ஔகாரக் குறியும் பதிவாகும். பலர் அதற்குப் பதிலாக ‘செ’ என்று அடித்து, அதன் பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தை வைத்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டாவது ‘செளந்தரம்’, அதாவது செ‑ள‑ந்‑த‑ர‑ம். அகர வரிசையிலும் அது சௌ வரிசையில் நிற்காமல் செ வரிசைக்குப் போய்விடும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ‘ள’ போன்ற அந்த வடிவத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்து ஒருமுறை பின்னழிப்பு விசையை அழுத்துங்கள். ‘ச’ மட்டும் எஞ்சினால் சரியான எழுத்து. ‘செ’ எஞ்சினால் தவறான எழுத்து. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றிலும் குறிகள் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். ஆனால் அவற்றை ஒருங்குறியின் வழக்கமான சீராக்கம் ஒன்றாக்கிவிடும். இந்த ள‑கரப் பிழையை எந்தச் சீராக்கமும் திருத்தாது. ஒருவர் கையால்தான் திருத்த வேண்டும்.

இரண்டாவது விஷயம் இதைவிடத் தீவிரமானது. 245இன் $c துணைப்புலத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். நூலின் தலைப்புப் பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை அப்படியே பதிவு செய்வதற்கான இடம் அது. 1974இல் வந்த நூலின் தலைப்புப் பக்கத்தில் ‘கா. சௌந்தரம்’ என்று இருக்கும்போது, அங்கே சௌந்தரம் ராமலிங்கம் என்று எழுதினால் அப்படி ஒரு பதிப்பு வந்ததாகப் பொய் சொல்கிறோம். நாளை ஒருவர் முதற்பதிப்பைத் தேடி வந்தால், கையில் உள்ள படியும் நம் பதிவும் ஒத்துப்போகாது. ஒன்றாக்கப்பட வேண்டியது தலைப்பாக நிற்கும் பெயர் மட்டுமே. அதையும் நூற்பதிவுகளில் போய் மாற்றுவதைவிட, பெயருக்கென்று உள்ள அதிகாரப் பதிவுகளை இணைப்பதன் வழியாகச் செய்ய வேண்டும். நூற்பதிவில் மட்டும் மாற்றினால் பழைய அதிகாரப் பதிவுகள் அப்படியே கிடக்கும். அடுத்த நூலைப் பதிவு செய்பவர் மறுபடியும் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்.

மூன்றாவது விஷயம், பட்டியலில் உள்ள ஏழாவது பதிவு. அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள்: அந்த ஐந்து நூல்களையும் அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், முன்னுரை, பின்னட்டைக் குறிப்பு ஆகிய நான்கையும் படித்துவிட்டு என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள்.

#4 — ஆய்வாளினி

இந்த இழையைப் பார்த்ததும் என் நிலைமைதான் நினைவுக்கு வந்தது. நான் வேதியியல் துறையில் ஆய்வு செய்கிறேன். திருமணத்துக்கு முன்பு வெளியான என் நான்கு கட்டுரைகள் ஒரு பெயரிலும், பிறகு வந்தவை வேறொரு பெயரிலும் இருப்பதால், மேற்கோள் எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆர்கிட் எண் ஒன்றைப் பெற்று, அதில் ‘வேறு பெயர்கள்’ என்ற இடத்தில் பழைய பெயரைச் சேர்த்து, நான்கு பழைய கட்டுரைகளையும் நானே இணைத்த பிறகுதான் ஓரளவு சரியானது. உங்கள் எழுத்தாளரையும் அந்தப் பதினாறு இலக்க எண்ணைப் பெறச் சொன்னால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

கூடவே ஒன்று சொல்ல வேண்டும். என் தோழி ஒருவர் மணமுறிவுக்குப் பிறகு கணவர் பெயரை நீக்கிவிட்டார். அவர் விரும்பாதபோதும் ஒரு தரவுதளம் அந்தப் பெயரை இன்னும் அவருடைய முதன்மைப் பெயராகக் காட்டிக்கொண்டிருக்கிறது. பெயரை ஒன்றாக்கும்போது அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

#5 — ஓலைக்கட்டு

ஆய்வாளினி அவர்களே, நீங்கள் சொல்வது இதழ்க் கட்டுரைகளின் உலகத்துக்குப் பொருந்தும். அங்கே ஆய்வாளர் தாமே பதிவு செய்து, தம் கட்டுரைகளைத் தாமே உரிமை கோரலாம். இங்கே 1970களில் சிறு பதிப்பகங்கள் வெளியிட்ட நூல்களைப் பற்றிப் பேசுகிறோம். அந்த எண்ணைப் பெற்றாலும் இந்தப் பட்டியலில் உள்ள ஏழு பதிவுகளும் ஏழாகவே இருக்கும். எண் இருந்தால் அதிகாரப் பதிவின் 024 புலத்தில் சேர்த்து வைக்கலாம், அது பிற்காலத்தில் உதவும். உங்கள் இரண்டாவது கருத்து மிக முக்கியமானது. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அதற்குத் திரும்ப வர வேண்டும்.

#6 — வடமராட்சி

எழுத்துப்பெயர்ப்புப் பற்றி ஒரு சொல். நாங்கள் இலங்கையில் ‘த’வை th என்றும், பெயரின் இறுதி ஆகாரத்தை ah என்றும் எழுதிப் பழகியவர்கள். பேராசிரியர் கா. சிவத்தம்பி ஆங்கிலத்தில் Sivathamby என்றே எழுதினார். அமெரிக்க நூலகக் காங்கிரசின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் அதே பெயர் Civattampi ஆகும். ஏனெனில் அந்த முறை ஒலிப்பைப் பாராமல் எழுத்தைப் பார்க்கிறது. சகரம் எங்கே வந்தாலும் c, மெய் இரட்டித்தால் இரட்டை எழுத்து. ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள Cauntaram என்பது பிழையன்று. வெளிநாட்டு நூலகம் ஒன்றிலிருந்து இறக்கிய பதிவாக இருக்கும். அந்த வடிவத்தை அழித்துவிடாமல் மாற்றுப் பெயராக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டு வருகிறவர் அந்த வடிவத்தையே தேடுவார்.

ஐந்தாவது பதிவு எனக்கு வருத்தமளிக்கிறது. Ramalingam, Sowndaram என்று கணவர் பெயரைக் குடும்பப் பெயராக்கி முன்னால் போட்டிருக்கிறார்கள். தமிழில் அப்படி ஒரு குடும்பப் பெயர் இல்லை. ஆங்கில வடிவில் காற்புள்ளி போட்டுப் பெயரைத் திருப்பும் பழக்கம், எழுதியவரை அவர் கணவரின் எழுத்து வரிசைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. வாசகர் ‘S’ வரிசையில் தேடி, இல்லை என்று திரும்பிவிடுவார்.

#7 — பட்டியல் மேசை

பின்னழிப்புச் சோதனையைச் செய்தேன். இரண்டாவது பதிவில் ‘செ’ எஞ்சியது. மூன்று நூல்களும் ஒரே ஆண்டில், ஒரே பணியாளரால் பதிவு செய்யப்பட்டவை. அவருடைய விசைப்பலகைப் பழக்கம்தான் காரணம் என்று தெரிகிறது.

ஏழாவது பதிவின் ஐந்து நூல்களையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று நூல்கள் தாவரவியல் செய்முறை வழிகாட்டிகள். தலைப்புப் பக்கத்தில் ‘ஆர். சௌந்தரம், எம்.எஸ்சி.’ என்று உள்ளது. மற்ற இரண்டும் சிறுகதைத் தொகுதிகள். தலைப்புப் பக்கத்தில் ‘ரா. சௌந்தரம்’ என்று உள்ளது. அவற்றில் 1986இல் வந்த நூலின் பின்னட்டையில், “முன்னர் கா. சௌந்தரம் என்ற பெயரில் எழுதியவர்” என்ற வரியையும் 1948 என்ற பிறந்த ஆண்டையும் கண்டேன். ஆக, இடையில் சிறிது காலம் அவர் தந்தையின் முதலெழுத்தை விட்டுவிட்டுக் கணவரின் முதலெழுத்தைப் போட்டு எழுதியிருக்கிறார். இதை நான் அறிந்திருக்கவில்லை.

நீங்கள் தடுத்திருக்காவிட்டால் தாவரவியல் ஆசிரியரையும் இவரோடு சேர்த்திருப்பேன்.

#8 — ஓலைக்கட்டு

இந்த வேலையின் மையமே இதுதான். இணைப்பு என்பது பதிவை இணைக்கிறது, நூலை இணைப்பதில்லை. ஒரு பதிவின் கீழ் இரண்டு மனிதர்கள் கலந்து கிடந்தால், அதை மற்றொன்றோடு இணைக்கும்போது அந்நியரும் சேர்ந்து வந்துவிடுவார். கலந்த பதிவை முதலில் பிரிக்க வேண்டும்; பிறகுதான் இணைக்க வேண்டும். தமிழ்ப் பெண்களின் பெயர்களில் இந்த ஆபத்து மிகுதி. ஒரு பெயருக்கு முன்னால் ஒற்றை முதலெழுத்து. அதுவும் திருமணத்தோடு மாறுகிறது. மாறிய பிறகு, அதே முதலெழுத்துள்ள வேறொருவரோடு போய் ஒட்டிக்கொள்கிறது. பெயர் ஒத்துப்போவது ஒரு சான்றே ஆகாது. பின்னட்டையில் நீங்கள் கண்ட அந்த ஒரு வரிதான் சான்று.

எனவே அந்த இரண்டு சிறுகதை நூல்களின் பதிவுகளை மட்டும் திறந்து, 100 புலத்தில் நீங்கள் தக்கவைக்கப்போகும் அதிகாரப் பதிவைத் தேர்ந்தெடுங்கள். ஏழாவது பதிவு தாவரவியல் ஆசிரியருக்கே இருக்கட்டும்.

அதே சோதனையை முதல் பதிவின் பதினொரு நூல்களுக்கும் செய்யுங்கள். பதிப்பாண்டுகளை வரிசையாக எழுதி, 1948ஆம் ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

#9 — கோஹா பராமரிப்பு

மென்பொருள் தரப்பில் நான்கு செய்திகள். முன்னேற்பாடாக, ஏழு அதிகாரப் பதிவுகளையும் அவற்றோடு தொடர்புள்ள நூற்பதிவுகளையும் ஏற்றுமதி செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இணைத்ததைத் திரும்பப் பிரிக்கும் பொத்தான் கோஹாவில் கிடையாது.

அதிகாரப் பதிவுகளின் தேடல் முடிவில் ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை நூல்களில் பயன்படுகிறது என்ற எண் இருக்கும். அதை உங்கள் பட்டியலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். Cauntaram என்ற ஆறாவது பதிவுக்கு அங்கே சுழியம் காட்டினால் வியக்காதீர்கள். வெளியிலிருந்து இறக்கிய நூற்பதிவுகளில் பெயர் வெறும் எழுத்தாகவே வந்திருக்கும். அதிகாரப் பதிவின் எண்ணைத் தாங்கும் $9 துணைப்புலம் இருக்காது. அந்த எண் இல்லாத நூலை எந்த இணைப்பும் தொடாது. இரண்டு நூல்கள்தான் என்பதால் கையால் இணைத்துவிடுங்கள்.

இணைக்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு பதிவுகளைத்தான் எடுக்க முடியும். எதைத் தக்கவைப்பது என்று கேட்கும். மற்றொன்று நீக்கப்பட்டு, அதைச் சார்ந்த நூல்கள் தக்கவைத்த பதிவுக்கு மாறும். ஆறு பதிவுகள் என்றால் ஐந்து முறை. இங்கே பலர் ஏமாறுகிறார்கள்: நீக்கப்படும் பதிவின் 100 புலத்தில் இருந்த பெயர் தானாகவே மாற்றுப் பெயராக மாறாது, மறைந்துவிடும். ஆகவே இணைப்பதற்கு முன்பே, தக்கவைக்கும் பதிவில் எல்லா வடிவங்களையும் 400 புலங்களாக எழுதிச் சேமித்துவிடுங்கள்.

கடைசியாக, 400 புலத்தில் எழுதிவிட்டதால் மட்டும் வாசகருக்கு அந்த வடிவம் தேடலில் அகப்படாது. `IncludeSeeFromInSearches` என்ற அமைப்பை இயக்கி, நூற்பதிவுகளை மறுபடியும் சுட்டியாக்க வேண்டும். `AuthorityMergeLimit` என்ற மற்றோர் அமைப்பும் உண்டு. அதன் இயல்பு மதிப்பு 50. அதற்கு மேல் நூல்கள் சார்ந்திருந்தால் மாற்றம் உடனே நிகழாமல் இரவுப் பணிக்குத் தள்ளப்படும். உங்கள் எழுத்தாளருக்கு அந்த அளவு வராது.

#10 — பட்டியல் மேசை

நீங்கள் சொன்னபடியே ஆறாவது பதிவில் சுழியம் இருந்தது.

முதல் பதிவில் ஒரு சிக்கல். பதினொரு நூல்களில் பத்து 1971க்கும் 1984க்கும் இடைப்பட்டவை. ஒன்று மட்டும் 1957இல் அச்சான முப்பத்திரண்டு பக்கப் பக்திப் பாடல் தொகுப்பு, முகப்பில் ‘கா. சௌந்தரம்’ என்று உள்ளது, வேறு எந்தக் குறிப்பும் இல்லை. நம் எழுத்தாளருக்கு அப்போது ஒன்பது வயது.

தலைப்பு பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. திருமணப் பெயரில் வந்தவை குறைவு. எங்கள் மாணவர்கள் எல்லோரும் கா. சௌந்தரம் என்றே கேட்கிறார்கள்.

#11 — ஓலைக்கட்டு

அந்தப் பாடல் தொகுப்பை வெளியே எடுத்துவிடுங்கள். யாரென்று தெரியாதவரைத் தெரிந்தவரோடு சேர்ப்பதைவிடத் தனியே நிற்க விடுவது நல்லது. பிற்காலத்தில் சான்று கிடைத்தால் இணைப்பது எளிது, தவறாக இணைத்ததைப் பிரிப்பது கடினம்.

தலைப்பைப் பொறுத்தவரை, ஆர்டிஏ பட்டியலாக்க விதிப்படி ஒருவர் பெயரை மாற்றிக்கொண்டால் இறுதியாக ஏற்றுக்கொண்ட பெயரே தலைப்பு. பழைய பெயரிலேயே அவர் தொடர்ந்து அறியப்படுவார் என்று கருதக் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. நான் சௌந்தரம் ராமலிங்கம் என்பதையே தேர்ந்தெடுப்பேன். அவர் தாமே தலைப்புப் பக்கத்தில் போட்டுக்கொண்ட பெயர் அது. பழைய பெயரில் தேடுகிறவர்களை 400 புலம் கொண்டுவந்து சேர்த்துவிடும். பெயரைத் திருப்பாமல் நேர் வரிசையிலேயே எழுதுங்கள். வடமராட்சி சொன்ன குறையும் தீரும்.

```
100 0_ $a சௌந்தரம் ராமலிங்கம், $d 1948-
400 1_ $a சௌந்தரம், கா.
400 1_ $a சௌந்தரம், ரா.
400 1_ $a Soundaram, K.
400 0_ $a Sowndaram Ramalingam
400 1_ $a Cauntaram, Kā.
670 __ $a [1986 சிறுகதைத் தொகுதி]: $b பின்னட்டை
       (முன்னர் கா. சௌந்தரம் என்ற பெயரில் எழுதியவர்)
```

670 புலத்தைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து வேறொருவர் வந்து, இவர்கள் ஒருவர்தானா என்று ஐயுற்றால், அந்த ஒரு வரிதான் பதில் சொல்லும்.

#12 — விரைவுத்திருத்தம்

245 பற்றி நான் சொன்னது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘செளந்தரம்’ என்ற பிழை வடிவத்தையும் 400 புலத்தில் சேர்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அதே பிழையோடு தட்டச்சு செய்கிற மாணவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள்; அவர்களுக்கு நூல் கிடைக்க வேண்டாமா? இன்னொன்று: அம்பை என்ற பெயரில் புனைகதையும், சி. எஸ். லக்ஷ்மி என்ற பெயரில் ஆய்வும் எழுதுகிறாரே, அவரையும் இப்படியே ஒன்றாக்கிவிடலாம் அல்லவா?

#13 — ஓலைக்கட்டு

அம்பையை இப்படி ஒன்றாக்கக் கூடாது. அங்கே நிகழ்ந்திருப்பது பெயர் மாற்றம் அன்று. ஒருவர் இரண்டு வகை எழுத்துக்கு இரண்டு பெயர்களைத் தாமே தேர்ந்து, இரண்டையும் ஒரே காலத்தில் பயன்படுத்துகிறார். அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு அதிகாரப் பதிவுகளும் இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 500 புலத்தால் ‘இதையும் காண்க’ என்று வழிகாட்ட வேண்டும். சௌந்தரம் அம்மையார் ஒரு பெயரை விட்டுவிட்டு மற்றொன்றுக்குப் போனவர். அதனால்தான் அவருக்கு ஒரே பதிவு.

பிழை வடிவத்தைப் பதிவில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தேடல் இயந்திரத்தின் குறையை அங்கேயே சரிசெய்ய வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் பிழையையும் சேர்த்து எழுதிக்கொண்டே போகக் கூடாது.

#14 — கோஹா பராமரிப்பு

இதில் நான் விரைவுத்திருத்தம் பக்கம். தேடல் இயந்திரத்தில் செ‑ள வரிசையை எல்லா இடத்திலும் சௌ என்று மாற்ற முடியாது. ‘தெளிவு’, ‘வெளி’, ‘நெளி’ என்று எத்தனையோ சொற்களில் ள உண்மையான எழுத்தாகவே வருகிறது. ‘தெளிவு’ என்பதில் ள மீது இகரம் இருப்பதால் அதை விலக்கலாம் என்றாலும், ‘தெள்ளமுது’, ‘வெள்ளம்’ போன்ற சரியான சொற்களையும் ‘கெளதமன்’ போன்ற பிழை வடிவங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து விதி எழுதுவது எளிதன்று. அதுவரை 400 புலத்தில் ஒரு வரி கூடுதலாக இருப்பதால் யாருக்கும் தீங்கில்லை.

#15 — ஆய்வாளினி

தலைப்புப் பற்றி இன்னும் எனக்கு நெருடல் இருக்கிறது. அன்று அவர் போட்டுக்கொண்ட பெயரை இன்றும் விரும்புகிறாரா என்று நமக்கு எப்படித் தெரியும்? பிறந்த ஆண்டைத் திரையில் காட்டுவதையும் அவர் விரும்பாமல் இருக்கலாம். அவர் உயிரோடு இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

#16 — பட்டியல் மேசை

உண்மைதான் அம்மா. பதிப்பகத்தாரிடம் அவர் முகவரியைக் கேட்டு, எந்தப் பெயர் முதன்மையாக இருக்க வேண்டும், பிறந்த ஆண்டைக் குறிப்பிடலாமா என்ற இரண்டு கேள்விகளையும் ஒரு கடிதமாக எழுதி நேற்று அனுப்பிவிட்டேன்.

இதற்கிடையே ஏற்றுமதிக் கோப்பை எடுத்து வைத்துவிட்டு, ஆறு பதிவுகளையும் இணைத்துவிட்டேன். இருபத்துநான்கு நூல்கள் இப்போது ஓரிடத்தில் உள்ளன. தாவரவியல் நூல்கள் மூன்றும் பாடல் தொகுப்பு ஒன்றும் தத்தம் தனிப் பதிவில் நிற்கின்றன. பதில் வரும் வரை பிறந்த ஆண்டை எடுத்துவிட்டு, தலைப்பைச் சௌந்தரம் ராமலிங்கம் என்றே வைத்திருக்கிறேன். பிழை வடிவத்தை 400 புலத்தில் சேர்க்கவில்லை. அது குறித்து எங்கள் துறைத் தலைவரிடம் பேச வேண்டும்.

இன்று காலை ஒரு முதுகலை மாணவி Soundaram என்று தேடினாள். 1971இல் வந்த முதல் தொகுதியைப் பார்த்துவிட்டு, இதுவும் இவர் எழுதியதா என்று மேசைக்கு வந்து கேட்டாள். கடிதத்துக்குப் பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.